இன்ன, கான: ஒரே வாக்கியத்தை வைத்து இரண்டையும் பிடிப்பது எப்படி?

அரபு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், பேஷ், ஸபர், ஸேர் எல்லாம் தெரியும், ஆனால் நஹ்வுப் பாடத்தில் ‘இன்ன’வும் ‘கான’வும் வந்ததும் எது எதை மாற்றுகிறது என்று தலை சுற்றுகிறது. அப்படி இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஆங்கிலம் வழியாக அரபு படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘இன்ன என்றால் இன்டீட், கான என்றால் வாஸ்’ என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு எல்லா இடத்திலும் அதையே ஒட்டுவார்கள். அது எங்கே பொருந்தாது என்பதையும் பார்ப்போம்.

படி 1: வெறும் வாக்கியம்

அல்-பாபு மஃப்தூஹுன். கதவு திறந்திருக்கிறது.

இதில் வினைச்சொல்லே கிடையாது. ‘கதவு’, ‘திறந்தது’ என்று இரண்டு பெயர்ச்சொற்களைப் பக்கத்தில் வைத்தாலே வாக்கியம் ஆகிவிடும். ‘அவர் ஆசிரியர்’ என்று நாம் சொல்வதும் இப்படித்தான், அதனால் நமக்கு இது எளிது. ஆங்கிலம் ‘தி டோர் இஸ் ஓப்பன்’ என்று ‘இஸ்’ஸை நுழைத்தே ஆக வேண்டும்.

முதல் சொல் முப்ததா, இரண்டாவது கபர். இரண்டின் கடைசியிலும் பேஷ் ஒலி: பாபு, மஃப்தூஹுன். இந்த நிலைக்கு ரஃப்உ என்று பெயர். இனி வரும் மாற்றமெல்லாம் இந்த இரண்டு முனைகளில்தான் நடக்கும். நடுவில் ஒன்றும் மாறாது.

படி 2: முன்னால் இன்ன

இன்ன அல்-பாப மஃப்தூஹுன். சேர்த்து வாசிக்கும்போது ‘இன்னல் பாப’.

முப்ததாவின் பேஷ் ஸபராக மாறிவிட்டது: பாபு, பாப. இந்த ஸபர் நிலைதான் நஸ்ப். கபர் அப்படியே இருக்கிறது. காலம் மாறவில்லை, கதவு இப்போதும் திறந்தேதான் இருக்கிறது. சொல்பவரின் உறுதி மட்டும் கூடியிருக்கிறது. ‘கதவு திறந்துதான் இருக்கிறது’ என்றால் சரியாக இருக்கும்.

படி 3: முன்னால் கான

கான அல்-பாபு மஃப்தூஹன். கதவு திறந்திருந்தது. ஆங்கிலத்தில் ‘இஸ்’ போய் ‘வாஸ்’.

இங்கே முப்ததாவை யாரும் தொடவில்லை. கபர்தான் நஸ்ப் ஆகிறது: மஃப்தூஹுன், மஃப்தூஹன். ஆக, இன்ன முதல் சொல்லைப் பிடிக்கும், கான இரண்டாவதைப் பிடிக்கும்.

ஸபர், பேஷ் போடாத செய்தித்தாளிலும் கானவின் வேலையைப் பல சமயம் கண்ணால் பார்க்கலாம். ‘மஃப்தூஹன்’ என்று முடியும்போது கடைசியில் ஓர் அலிஃப் எழுதப்படும். கானவுக்குப் பிறகு அந்த அலிஃப் எந்தச் சொல்லில் நிற்கிறதோ, அது பெரும்பாலும் கபராக இருக்கும். வட்டத் தா-வில் முடியும் பெண்பால் சொற்களில் இந்த அலிஃப் வராது.

இன்னொரு வேறுபாடு: கான ஒரு வினைச்சொல், ஆளுக்கும் பாலுக்கும் ஏற்ப உருமாறும். பெண்பால் எழுவாய்க்கு ‘கானத்’, நான் என்றால் ‘குன்து’. இன்ன ஓர் இடைச்சொல், உருமாறாது, வாலில் பிரதிப்பெயரை ஒட்டிக்கொள்ளும். ‘நான் நோயாளிதான்’ என்றால் ‘இன்னீ மரீளுன்’, ‘நான் நோயாளியாக இருந்தேன்’ என்றால் ‘குன்து மரீளன்’.

படி 4: இன்னவை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது?

இங்கேதான் நிதானம் வேண்டும். உறுதியைக் காட்ட அரபுக்குத் தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலம் அந்த வேலையைப் பெரும்பாலும் குரலிலேயே முடித்துக்கொள்ளும். ‘தி டோர் இஸ் ஓப்பன்’ என்பதில் ‘இஸ்’ஸை அழுத்திச் சொன்னால் போதும். வேறு வினை வந்தால் ‘டஸ்’ துணைக்கு வரும். ‘இன்ன ஸைதன் யக்துபு’ என்பது ‘ஸைத் டஸ் ரைட்’ ஆகலாம். ‘இன்டீட்’, ‘ஷூர்லி’, ‘வெரிலி’ எல்லாம் ஏட்டு நடை. 1930-இல் வெளிவந்த தன் குர்ஆன் மொழிபெயர்ப்பில் பிக்தால் ‘லோ!’ என்று ஒரு பழைய விளிச்சொல்லைப் போட்டுவைத்தார். தமிழில் ‘நிச்சயமாக’ என்று போடும் வழக்கம் உண்டு.

என் கருத்து: சாதாரண உரைநடையில் பாதி இடங்களில் இன்னவை மொழிபெயர்க்காமல் விடுவதே சரி. வாக்கியத்தைத் தொடங்கி வைப்பதற்கு மட்டுமே அது அங்கே நிற்கும். ஆனால் கபரின் முன்னால் ‘ல’ என்று ஒரு லாமும் சேர்ந்து வந்தால் விடாதீர்கள். ‘இன்னல் இன்ஸான லஃபீ குஸ்ர்’, மனிதன் நஷ்டத்தில்தான் இருக்கிறான் என்ற அல்-அஸ்ர் வசனத்தில் உறுதி இரண்டு முறை விழுகிறது.

இன்ன ‘தட்’ ஆகிவிடும் இடமும் ஒன்று உண்டு. ‘கால’ (சொன்னார்) என்ற வினைக்குப் பின் வரும் இன்ன, தமிழில் ‘என்று’, ஆங்கிலத்தில் ‘தட்’. அங்கே ‘இன்டீட்’ போட்டால் வாக்கியம் கெட்டுப்போகும்.

படி 5: கான எப்போதும் ‘வாஸ்’ அல்ல

கானவுக்குப் பின் நிகழ்கால வினை வந்தால் பொருள் விரியும். ‘கான ஸைதுன் யக்துபு’ என்பது எழுதிக்கொண்டிருந்தார் என்றும் ஆகும், எழுதுவது அவர் வழக்கம் என்றும் ஆகும். ஆங்கிலம் இதற்கு ‘வாஸ் ரைட்டிங்’, ‘யூஸ்ட் டு ரைட்’ என்று இரண்டு வடிவங்களை வைத்திருக்கிறது. ‘குல்ல யவ்மின்’ (ஒவ்வொரு நாளும்) போன்ற சொல் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது. ‘கான கத் கதப’ என்றால் அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தார், ‘ஹேட் ரிட்டன்’.

இறைவனைப் பற்றி வரும்போது இறந்தகாலமே இல்லாமல் போகிறது. குர்ஆனில் ‘இன்னல்லாஹ கஃபூருன் ரஹீம்’ என்றும் வருகிறது (2:173), ‘வகானல்லாஹு கஃபூரன் ரஹீமா’ என்றும் வருகிறது (4:96). இரண்டிலும் அவன் மன்னிப்பவன், கருணையாளன் என்பதுதான் செய்தி. இரண்டாவதை ‘வாஸ்’ என்று பெயர்த்தால் இப்போது அப்படி இல்லை என்ற அர்த்தம் வந்துவிடும். அதனால்தான் பிக்தால் அங்கே ‘இஸ் எவர்’ என்று எழுதினார். அல்லாஹ்வின் பெயரில் முதலாவதில் ஸபர், இரண்டாவதில் பேஷ் இருப்பதையும் கவனியுங்கள்.

படி 6: இரண்டும் ஒரே வாக்கியத்தில்

காலல் முதீரு இன்னல் மக்தப கான முக்லகன் அம்ஸி.

முதீர் மேலாளர், மக்தப் அலுவலகம், முக்லக் மூடியது, அம்ஸி நேற்று. ‘கால’வுக்குப் பின் இன்ன, எனவே ‘என்று’. அதன் பிடியில் ‘மக்தப’ நஸ்ப் ஆகிவிட்டது. சரி, இன்னவின் கபர் ரஃப்உ ஆக வேண்டுமே, ‘முக்லகன்’ ஏன் ஸபரில் முடிகிறது? பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்னவின் கபர் ‘முக்லகன்’ அல்ல. ‘கான முக்லகன்’ என்ற துண்டு முழுவதும்தான் அதன் கபர். ‘முக்லகன்’ கானவின் கபர், அதனால் நஸ்ப். கானவின் எழுவாய் அதற்குள்ளேயே மறைந்திருக்கும் ‘அது’. பொருள்: அலுவலகம் நேற்று மூடியிருந்தது என்று மேலாளர் சொன்னார். ஆங்கிலத்தில் ‘செட் தட் தி ஆஃபீஸ் வாஸ் க்ளோஸ்ட்’. இன்னவுக்கு ‘தட்’, கானவுக்கு ‘வாஸ்’.

ஓர் எச்சரிக்கை. இன்னவோடு ‘மா’ ஒட்டி ‘இன்னமா’ ஆனால் அதன் பிடி விட்டுவிடும், பொருளும் ‘மட்டுமே’ என்று மாறும். ‘இன்னமல் அஃமாலு பின்னிய்யாத்’ என்ற ஹதீஸில் ‘அஃமாலு’ பேஷிலேயே நிற்பது இதனால்தான். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’.

பயிற்சிக்கு: ‘அல்-முஅல்லிமூன ஹாளிரூன’, ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள். இந்தப் பன்மையில் ஸபர் வேலை செய்யாது. ரஃப்உக்கு ‘ஊன’, நஸ்புக்கு ‘ஈன’. இன்னவையும் கானவையும் முன்னால் போட்டுப் பாருங்கள். விடை: ‘இன்னல் முஅல்லிமீன ஹாளிரூன’, ‘கானல் முஅல்லிமூன ஹாளிரீன’.