திருப்பி அனுப்பும் விதிகளைப் போனில் வாசிக்கும்படி தமிழில் போடுவது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உடுப்பு விற்கும் ஒரு இணையக் கடைக்குத் திருப்பி அனுப்பும் விதிகளின் பக்கத்தைத் தமிழில் செய்து கொடுத்தேன். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறப்பது, மெனுவில் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆங்கில விதியை ஸ்பிரெட்ஷீட்டில் வரிக்கு ஒன்றாகப் போட்டு, பக்கத்துக் கட்டத்தில் தமிழை எழுதுங்கள். கடையின் எடிட்டருக்குள் நேரே எழுதுவது எனக்குப் பிடிக்காது. அங்கே ஒரு நிபந்தனை விடுபட்டாலும் கண்ணில் படாது.

அதிக நேரம் எடுத்தது இந்த வரிதான்: "பொருள் கிடைத்த 7 வேலை நாட்களுக்குள் காசு திருப்பித் தரப்படும்." யாருக்குக் கிடைத்த? வாங்கியவர் தன் கைக்குப் பார்சல் வந்த நாளிலிருந்து எண்ணுவார், கடை தன்னிடம் திரும்பி வந்த நாளிலிருந்து எண்ணும். அதனால் ஆளையும் எண்ணும் முறையையும் சேர்த்து எழுதினோம்:

"நீங்கள் அனுப்பிய உடுப்பு எங்கள் கடைக்கு வந்து சேர்ந்த மறுநாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் காசு தருவோம். சனி, ஞாயிறு, போயா, மற்ற வங்கி விடுமுறைகள் கணக்கில் இல்லை."

கிளிநொச்சியிலிருந்து திங்கள் அனுப்பிய சாறி புதன்கிழமை கடைக்கு வருகிறது என்று வையுங்கள். வியாழன் முதல் நாள். அடுத்த வாரம் வெள்ளி ஏழாவது நாள். இடையில் ஒரு வேலை நாளில் போயா வந்தால் அதற்கடுத்த திங்கள். இந்தக் கணக்கையும் விதிக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். எழுதி முடித்ததும் கடையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, "காசு எந்த நாள் வரும்?" என்று கேளுங்கள். அவர் வேறு நாள் சொன்னால் வரி இன்னும் சரியில்லை.

அடுத்தது தோற்றம். ஆங்கிலத்துக்குச் செய்த தீமில் வரி உயரம் இறுக்கமாக இருந்தால் மேல்வரியின் "ளு", "து" கீழ்வரியின் புள்ளிகளோடு முட்டும். எழுத்துகளுக்கு இடைவெளி கொடுத்திருந்தால் சொல் சிதறித் தெரியும். இதைப் போடுங்கள்:

```css
.policy:lang(ta) {
  line-height: 1.7;
  letter-spacing: normal;
  overflow-wrap: break-word;
}
```

பக்கத்தின் உறையில் `class="policy" lang="ta"` இல்லாவிட்டால் இது வேலை செய்யாது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், அலங்கார எழுத்துரு வேண்டாம். அட்டவணை இருந்தால் எடுத்துவிட்டு, "எத்தனை நாளுக்குள் அனுப்பலாம்?", "கூரியர் காசு யார் கட்டுவது?" என்று கேள்வியும் பதிலுமாகப் பிரியுங்கள். பட்டனில் "திருப்பி அனுப்ப" போதும். முழு வசனம் எழுதினால் சின்னத் திரையில் மூன்று வரியாக உடையும்.

சோதிக்கும்போது பிரௌசரில் 360 பிக்சல் அகலத்தில் பாருங்கள். பிறகு விலை குறைந்த ஒரு போனில் எழுத்தளவைக் கூட்டி வைத்துப் பாருங்கள். அம்மாமார் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை: வீட்டு வாசலில் கூரியர்காரரிடம் காசு கொடுத்தவருக்கு எப்படித் திரும்பி வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். கார்ட்டில் கட்டியவருக்கு அதே கார்ட்டுக்குப் போகும். இவருக்கு வங்கிக் கணக்கு இலக்கம் வேண்டும். அதைத் திருப்பி அனுப்பும் படிவத்திலேயே கேளுங்கள், விதியிலும் தனி வரியாகச் சொல்லுங்கள். கார்ட் இலக்கத்தையோ ஓடிபியையோ கடை கேட்காது என்பதையும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.