மசக்கை குமட்டலுக்கு இஞ்சி டீ, என் அனுபவம்

எனக்கு வாந்தி அவ்வளவா இல்ல, ஆனா குமட்டல் நாள் முழுக்க, அதுவும் வெறும் வயித்துல ரொம்ப மோசம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு, துருவின இஞ்சி ஒரு டீஸ்பூன் எடுத்து சுடுதண்ணில 10 நிமிஷம் மூடி வச்சு வடிகட்டி, அதையே நாள் முழுக்க நாலா பிரிச்சு கொஞ்சம் கொஞ்சமா குடிச்சேன், ஒரேயடியா குடிச்சா நெஞ்செரியும். ஒரு நாளைக்கு காஞ்ச இஞ்சிப்பொடி கணக்குல 1 கிராம்தான் வழக்கமான லிமிட், துருவினதுல அது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன், அதனால இஞ்சி மாத்திரைன்னு தனியா எதுவும் சேர்த்துக்கல. குமட்டல் முழுசா போகல, ஏதோ சாப்பிடற அளவுக்கு அடங்குச்சு, அதுவே பெருசு.

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கறவங்க, ரத்தக்கசிவு இருக்கறவங்க டாக்டர கேக்காம குடிக்காதீங்க. தண்ணி கூட வயித்துல தங்கலன்னா, யூரின் குறைஞ்சு அடர் மஞ்சளா போனா, டீய விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரி போங்க.