ரெட்டிகுலோசைட் எண்ணிப் பார்ப்போம்: நாய், பூனையின் குருதிச்சோகை எந்த வகை?

வெள்ளவத்தையில் நாலு வயது நாட்டு நாய் ஒன்று ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள்வோம். முரசு வெளுத்திருக்கிறது, காதுமடலுக்குள் உண்ணி. பிசிவி, அதாவது குழாயில் சுற்றி எடுத்த இரத்தத்தில் செங்கலங்கள் பிடிக்கும் பங்கு, 17 சதவீதம். நாய்க்கு 37க்கு மேல் இருக்கவேண்டும். சோகை என்பது தெரிந்துவிட்டது. என்பு மச்சை அதற்குப் பதில் கொடுக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. மச்சை புதிதாக அனுப்பும் இளம் செங்கலங்களான ரெட்டிகுலோசைட்டுகளை எண்ணினால் அது தெரியும். பதில் கொடுத்தால் மீளுருவாக்கச் சோகை: இரத்தம் வெளியேறுகிறது அல்லது உள்ளே உடைகிறது. கொடுக்காவிட்டால் சிறுநீரக நோய், நீண்ட அழற்சி, மச்சையின் நோய் என்று தேடவேண்டும்.

அந்தக் குழாயை எறிய முன்னர் பிளாஸ்மாவின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாகவோ கடும் மஞ்சளாகவோ இருந்தால் கலங்கள் உடைகின்றன என்று சந்தேகிக்கலாம். நிறம் தெளிவாக இருந்து புரதமும் குறைந்திருந்தால் இரத்தப்போக்கை நினையுங்கள். பலர் இதைப் பார்க்காமலே விடுகிறார்கள்.

படி 1: சாயமிடுதல்

ஈடிடிஏ குழாயிலுள்ள இரத்தத்தை மெதுவாகப் புரட்டிக் கலக்குங்கள். இரத்தத்தையும் நியூ மெதிலீன் புளூவையும் சம அளவில் சேர்த்து, அறை வெப்பநிலையில் சுமார் 15 நிமிடம் வையுங்கள். திரும்பவும் கலக்கி மெல்லிய பூச்சு இழுத்து உலரவிடுங்கள். சாயத்தில் படிவு இருந்தால் வடிகட்டுங்கள். கலத்தின் மேல் விழும் நீலத் துணுக்கு புதியவர்களை நன்றாக ஏமாற்றும்.

படி 2: எண்ணுதல்

எண்ணெய் வில்லையில் 1000 செங்கலங்களைப் பார்த்து, நீல வலை உள்ள ரெட்டிகுலோசைட்டுகளை எண்ணுங்கள். நாயில் குழப்பம் குறைவு. பூனையில் இரண்டு வகை உண்டு: நீலம் நூல் சிக்கல்போல் திரண்டவை ஒன்று, சில புள்ளிகள் மட்டும் உள்ளவை மற்றது. புள்ளி வகை வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கிவிடும், ஆகவே இன்றைய நிலையைச் சொல்லாது. பூனையில் திரண்ட வகையை மட்டும் எண்ணுங்கள்.

படி 3: கணக்கு

நம் நாயில் 1000க்கு 90, அதாவது 9 சதவீதம். இதை அப்படியே நம்பக்கூடாது. மொத்தக் கலங்கள் குறைந்திருக்கும்போது கொஞ்ச ரெட்டிகுலோசைட்டும் பெரிய சதவீதமாகத் தெரியும். பிசிவியால் திருத்துங்கள், நாய்க்கு 45, பூனைக்கு 37 ஆல் பிரிக்கவேண்டும்.

```
9 × 17 ÷ 45 = 3.4 %
```

நாயில் 1 சதவீதத்துக்கு மேல் என்றால் மச்சை பதில் கொடுக்கிறது. செங்கல எண்ணிக்கை கிடைத்தால் நேரடியாகவும் பார்க்கலாம்: மைக்ரோலீற்றருக்கு 24 இலட்சத்தில் 9 சதவீதம் 2,16,000. நாய்க்கு 60,000, பூனைக்கு 50,000 அளவில் எல்லை வைப்பார்கள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறும்.

இப்போது பிசிவி 15, செங்கலம் 32 இலட்சம் உள்ள ஒரு முதிய பூனை. புள்ளி வகையையும் சேர்த்து எண்ணினால் 5 சதவீதம், 1,60,000. மச்சை நன்றாக வேலை செய்கிறது என்று வீட்டாருக்குச் சொல்லிவிடுவோம். திரண்டவை மட்டும் 0.6 சதவீதம், அதாவது 19,200. இது மீளுருவாக்கமில்லாச் சோகை. சிறுநீரகப் பரிசோதனையும் பூனை லூக்கேமியா வைரஸ் பரிசோதனையும் உடனே தேவை.

படி 4: லீஷ்மன் பூச்சு

காரணத்துக்கான தடயம் இங்கேதான். முதலில், சற்றுப் பெரிய, நீலம் கலந்த செங்கலங்கள் தெரிகின்றனவா பாருங்கள். ரெட்டிகுலோசைட் கணக்கோடு இவை ஒத்துப்போக வேண்டும். கருவுள்ள செங்கலங்கள் மட்டும் இருந்து நீலக் கலங்கள் இல்லாவிட்டால் அது மீளுருவாக்கம் அல்ல. ஈய நச்சு, மச்சை அல்லது மண்ணீரல் பாதிப்பு என்று யோசிக்கவேண்டும்.

நம் நாயில் நடு வெளிறல் இல்லாத, சிறிய, கடும் நிற உருண்டைக் கலங்கள் நிறைய. இவை ஸ்பெரோசைட்டுகள், உடலின் எதிர்ப்புச் சக்தியே கலங்களைத் தாக்குவதன் அடையாளம். பூச்சின் தடித்த பகுதியில் தேடாதீர்கள், கலங்கள் ஒற்றை அடுக்காகப் பரவிய இடத்தில் பாருங்கள். பூனையின் செங்கலத்தில் நடு வெளிறலே குறைவு என்பதால் அங்கே இந்தத் தடயத்தை நம்பமுடியாது.

ஸ்பெரோசைட் கண்டதும் "எதிர்ப்புச் சக்தி நோய்" என்று முடித்துவிடக் கூடாது. உண்ணி பரப்பும் பபேசியா ஒட்டுண்ணியும் இதைத் தூண்டும். பபேசியா கிப்சோனி செங்கலத்துக்குள் மிகச் சிறிய வளையமாக இருக்கும். காதுமடல் நுனியிலிருந்து எடுத்த துளி இரத்தத்தில் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டாலும் இல்லை என்று அர்த்தமில்லை, பிசிஆருக்கு அனுப்புங்கள்.

நாள் கணக்கு

இரத்தம் குறைந்து 3, 4 நாள் ஆகாமல் ரெட்டிகுலோசைட் இரத்தத்தில் ஏறாது. நேற்று வாகனத்தில் அடிபட்ட நாயில் இன்று எண்ணிக்கை குறைவாக வந்தால் மச்சையைக் குறை சொல்லவேண்டாம். 4 நாள் கழித்து இன்னொரு தடவை எண்ணுங்கள்.