கடன் வாங்கிய வரைபடத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

வெள்ளவத்தையில் ஒரு தங்கச்சியின் ஆய்வேட்டைப் பார்த்தேன். வேறொருவரின் வரைபடத்தை அப்படியே போட்டு, கீழே ஆசிரியர் பெயரும் ஆண்டும் மட்டும் எழுதியிருந்தார். கருத்தை எடுத்தால் அது போதும், படத்தையே எடுத்தால் போதாது.

ஏபிஏ மேற்கோள் நடையின் 7ஆம் பதிப்புப்படி படத்தின் கீழேயே உரிமைக் குறிப்பு வேண்டும். உசாத்துணைப் பதிவு ஆசிரியரில் தொடங்கும். உரிமைக் குறிப்போ கட்டுரைத் தலைப்பில் தொடங்கும். அப்புறம் ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம். கடைசியில் பதிப்புரிமையாளர் பெயரும், 'அனுமதியுடன்' என்ற சொல்லும். படம் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வெளிவந்திருந்தால், அந்த உரிமத்தின் பெயரை எழுதுங்கள். படத்தைத் திருத்தியிருந்தால் 'தழுவியது' என்று தொடங்குங்கள்.

பதிப்புரிமை பலவேளை ஆசிரியரிடம் இல்லை, வெளியீட்டாளரிடம்தான். ஆசிரியரின் மின்னஞ்சல் சம்மதத்தை மட்டும் நம்பவேண்டாம். சரி, உசாத்துணைப் பட்டியல்? அங்கும் வழமையான பதிவு வேண்டும்.