பினா கோலாடா கிளாஸிலேயே பிரிந்துபோகிறதா? இந்தத் தவறுகளைப் பாருங்கள்

பாரில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போன வாரம் ரம்மும் அன்னாசியும் தேங்காய் கிரீமும் சேர்ந்த பினா கோலாடா ஒன்று கலந்து கொண்டுவந்து வைத்தான். வைத்தபோது வெள்ளையாக, கெட்டியாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கிளாஸின் அடியில் வெளிறிய மஞ்சள் தண்ணீர் ஒரு விரல்கடை உயரத்துக்கு நின்றது, மேலே வெள்ளையாக ஒரு படலம். "ஐஸ் உருகிடுச்சு அண்ணா" என்றான். நானும் என் முதல் வருஷம் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐஸ் கூடப் போட்டுப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், பெரிய கட்டியாகப் போட்டுப் பார்த்தேன், எதிலும் சரியாகவில்லை. ஏனென்றால் கோளாறு ஐஸில் இல்லை, அவன் திறந்த டப்பாவில் இருந்தது.

அளவு பார்க்காமல் ஊற்றாதே, கெட்டுப்போன பழத்தைப் போடாதே என்பதையெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நன்றாகக் கலக்கத் தெரிந்தவர்களும் விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

## இரண்டு தேங்காய் கிரீமும் ஒன்றுதான் என்று நினைப்பது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் யாராவது செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

கடையில் தேங்காய் கிரீம் என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கும். ஒன்று, தேங்காயைப் பிழிந்த கெட்டிப்பால், சர்க்கரை கிடையாது, சமையலுக்கு ஆனது. இன்னொன்று பாதிக்குப் பாதி சர்க்கரையே இருக்கிற, பாகு மாதிரி வழுவழுப்பாக ஊற்றுகிற இனிப்பூட்டிய தேங்காய் கிரீம். பினா கோலாடாவுக்கு வேண்டியது இரண்டாவது. 1954-ல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் உள்ள கரீபே ஹில்டன் ஹோட்டலில் ரமோன் மரேரோ இந்தப் பானத்தை உருவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அதற்கு உரிமை கோருகிறவர்கள் வேறு சிலரும் உண்டு. அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், இந்தப் பானம் பிரபலமானது அதே தீவில் பிறந்த கோகோ லோபஸ் என்ற இனிப்பூட்டிய கிரீமோடு சேர்ந்துதான். 1978-ல் போர்ட்டோ ரிக்கோ இதைத் தன் அதிகாரப்பூர்வ பானமாகவே அறிவித்தது. ஆக, இனிப்பூட்டிய கிரீம் என்பது நேரம் மிச்சம் பிடிக்க வந்த குறுக்குவழி இல்லை. இந்தப் பானத்தின் கட்டுமானமே அதன் மேல்தான் நிற்கிறது.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு விருந்துக்கு நாற்பது பேருக்குக் கலக்க வேண்டியிருந்தது. இனிப்பூட்டிய கிரீம் கிடைக்கவில்லை, சமையல் கிரீம் கிடைத்தது. சர்க்கரையைத் தனியாகப் போட்டுக்கொண்டால் போச்சு என்று நினைத்தேன். அன்னாசிப் பழத்தைப் பிழிந்து, கிரீமையும் 2.4 லிட்டர் ரம்மையும் சேர்த்து, மத்தியானமே பெரிய ஜாடிகளில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். சாயங்காலம் திறந்து கரண்டியை விட்டால், டொக் என்று சத்தம். மேலே ஒரு அங்குலத்துக்கு வெள்ளைக் கொழுப்பு மூடி போட்டாற்போல இறுகிக் கிடந்தது. உடைத்து மிக்ஸியில் போட்டு அடித்தேன். மறுபடி சேரவில்லை, அரிசி நொய் மாதிரி வெள்ளைப் பருக்கையாகப் பிரிந்தது. ஒரு வாய் குடித்தால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டியது. மொத்தத்தையும் தொட்டியில் கொட்டினேன். அந்த ரம்மின் காசு என் கையிலிருந்துதான் போனது.

நடந்தது இதுதான். தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் சிதறி நிற்கிற கொழுப்புத் துளிகள். அந்தத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது தேங்காயின் புரதம், அது அப்படியொன்றும் பலமான காவல் இல்லை. அன்னாசிச் சாறு நல்ல புளிப்பு, அமிலத்தன்மை ஏறக்குறைய 3.5 பிஎச். அந்தப் புளிப்பில் தேங்காய்ப் புரதம் தண்ணீரோடு ஒத்துப்போகாமல் திரண்டுவிடும், பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிற மாதிரி. போதாதென்று சூடுபடுத்தாத பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது, புரதத்தை அறுப்பதுதான் அதன் வேலையே. ஃப்ரிட்ஜில் வைத்தால் அது மெதுவாக வேலை செய்யும், நிற்காது. காவல் போன துளிகள் ஒன்றுசேர்ந்து மேலே மிதக்கும். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகிவிடும், ஆகவே ஃப்ரிட்ஜின் குளிரில் அது அப்படியே பாளமாக உறைந்துபோகும். உறைந்த கொழுப்பைக் குளிராகவே மிக்ஸியில் அடித்தால் அது கரையாது, வெண்ணெய் திரள்வது மாதிரி இன்னும் திரளத்தான் செய்யும். நான் அன்று செய்தது அதைத்தான்.

இனிப்பூட்டிய கிரீமில் இந்தத் தொல்லை ஏன் குறைவு? அதில் கொழுப்பைப் பிடித்து வைக்கும் பால்மமாக்கிகளும், குவார் கம் மாதிரியான பசைகளும் சேர்த்திருப்பார்கள். அவை புளிப்புக்கும் நொதிக்கும் அவ்வளவு சுலபமாக அசைந்துகொடுக்காது. சர்க்கரையும் சும்மா இனிப்புக்கு மட்டும் இல்லை, தண்ணீரைக் கெட்டியாக்குகிறது, கெட்டியான நீரில் கொழுப்புத் துளி மேலே ஏற நேரமாகும். 45 மில்லி கிரீமிலேயே 25 முதல் 30 கிராம் சர்க்கரை வந்துவிடும். சமையல் கிரீமை ஊற்றி, குளிர்ந்த பானத்தில் அப்புறமாக ஒரு கரண்டி சர்க்கரை தூவினால் பாதி கரையாமல் அடியில்தான் கிடக்கும்.

கடையில் கிடைக்கவில்லை என்றால் நீங்களே செய்துகொள்ளலாம். 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 300 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பொடி 1 கிராமைச் சர்க்கரையோடு உலர்வாகவே கலந்துவிடுங்கள், நேராகப் பாலில் போட்டால் கட்டி தட்டும். சிறு தீயில் வைத்துச் சர்க்கரை கரையும்வரை கிளறி, ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்குங்கள். கொதிக்க விட்டால் எண்ணெய் பிரியும். இறக்கியதும் சூடு ஆறுவதற்குள் மிக்ஸியில் ஒரு நிமிடம் அடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். கொழுப்பு உருகிய நிலையில் இருந்தால்தான் பொடித் துளியாக உடையும். சூடான திரவம் என்பதால் ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

## டப்பாவைக் கிளறாமல் ஊற்றுவது

குளிரில் கொழுப்பு மேலே உறைந்திருக்கும். வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தி, அடிவரை கிளறிவிட்டு அளக்கவும்.

## அன்னாசியைக் கூட்டிக்கொண்டே போவது

என் அளவு இது: வெள்ளை ரம் 60 மில்லி, இனிப்பூட்டிய கிரீம் 45, அன்னாசிச் சாறு 90. சாறு புளிப்பு குறைவாக இருந்தால் மட்டும் எலுமிச்சைச் சாறு 10 மில்லி.

குடித்துப் பார்த்துத் திகட்டுகிறது என்றதும் எல்லோரும் சாற்றைத்தான் கூட்டுகிறார்கள். 90 என்பது 150 ஆகும்போது சர்க்கரையும் பசையும் நீர்த்துப்போய், புளிப்பு ஏறி, கொழுப்பைப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் பலவீனமாகிவிடும். பானமும் தண்ணியாகி, அன்னாசிச் சாற்றில் யாரோ கொஞ்சம் தேங்காய் கழுவிய மாதிரி இருக்கும். திகட்டலைக் குறைக்க அந்த 10 மில்லி எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்புமே போதும். கிரீம் கூடிப்போனால் எப்படித் தெரியும் என்றால், விழுங்கிய பிறகு உதட்டில் எண்ணெய்ப் பூச்சு மாதிரி நிற்கும், ரம் இருப்பதே தெரியாது. அதற்கு ரம்மைக் கூட்டுவது மருந்து இல்லை, கிரீமை 10 மில்லி குறைப்பதுதான் மருந்து. ரம் வாசம் வேண்டுமென்றால் 15 மில்லி டார்க் ரம்மை கடைசியில் கரண்டி முதுகு வழியாக மேலே ஊற்றுங்கள். அது மேலேயே நின்று முதல் வாயிலேயே தெரியும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். முதலில் கிரீமும் சாறும் ஒன்றாக வேண்டும், பிறகு ரம், கடைசியில் ஐஸ். குளிர்ந்த கெட்டிக் கிரீமை ஐஸ் மேல் ஊற்றினால் அது நூல்நூலாக இறுகும், எவ்வளவு குலுக்கினாலும் அந்த நூல் போகாது.

## எல்லாப் பிரிவையும் ஒன்றாக நினைப்பது

மிக்ஸியில் ஐஸோடு அடித்த பினா கோலாடா பிரிவது வேறு கதை, இதில் ஐஸுக்குப் பங்கு உண்டு. மேலே மிதப்பதைக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வையுங்கள். நறநறவென்று கரைந்து ருசியில்லாமல் போனால் அது ஐஸ் துகள். மெழுகு மாதிரி ஒட்டினால் கொழுப்பு, அப்படியென்றால் முதல் தவறுக்குத் திரும்பிப் போங்கள். லேசாகக் காற்றாக மறைந்தால் சாற்றின் நுரை, அது எல்லா பினா கோலாடாவிலும் கொஞ்சம் வரும், விட்டுவிடலாம்.

ஐஸ்தான் என்றால், ஐஸில் பாதியைக் குறைத்து அதற்குப் பதிலாக உறையவைத்த அன்னாசித் துண்டு போடுங்கள். பழத்தின் நார் திரவத்தைப் பிடித்து வைக்கும், உருகினாலும் தண்ணீர் ஆகாது. ரம்மை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், அது உறையாது. 20 நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம், பிளேடின் சூட்டிலேயே ஐஸ் உருக ஆரம்பித்துவிடும்.

## பச்சைச் சாற்றை மணிக்கணக்கில் கலந்து வைப்பது

உடனே குடிப்பதற்குப் பச்சைச் சாறுதான் ருசி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஜாடியில் கலந்து வைப்பதென்றால் டப்பாச் சாறு எடுங்கள், சூடு பண்ணியதில் நொதி செத்திருக்கும்.

## பால் கிரீம் சேர்ப்பது

வேண்டாம். புளிப்பில் திரிந்துபோகலாம்.

## பிரிந்ததைக் கரண்டியால் கலக்கிக் கொடுப்பது

கலக்கினால் ஒரு நிமிடம் சேர்ந்த மாதிரி இருக்கும், கொண்டுபோய் வைப்பதற்குள் மறுபடி பிரியும். கிளாஸில் இருப்பதை ஷேக்கரில் ஊற்றி, அறை வெப்பத்தில் இருக்கும் இனிப்பூட்டிய கிரீம் ஒரு தேக்கரண்டி விட்டு, ஐஸ் இல்லாமல் பத்து நொடி பலமாகக் குலுக்குங்கள், அப்புறம் புது ஐஸ் போட்டு ஐந்து நொடி. மேலே படலம் மட்டும்தான் இருந்தது என்றால் இதில் பெரும்பாலும் சேர்ந்துவிடும். பருக்கை விழுந்துவிட்டது என்றால் சேராது, அந்தக் கிளாஸைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து கொடுங்கள்.