கியர் பல்லில் சேதமா? ஆயிலை மாற்றும் முன் பல்லைப் பாருங்கள்

கியர்பாக்ஸில் சத்தம் கூடுகிறது. மூடியைத் திறந்தால் பல் கெட்டிருக்கிறது. உடனே ஆயிலை மாற்றுவார்கள், இல்லையென்றால் லோடு அதிகம் என்று ஆபரேட்டரைக் கேள்வி கேட்பார்கள். இரண்டுமே அவசரம். சேதம் பல்லின் எந்த இடத்தில், எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

பல்லின் நடு உயரத்தை ஒட்டி பிட்ச் லைன் இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு பல்லும் ஒன்றின் மேல் ஒன்று உருள மட்டுமே செய்கின்றன. அதற்கு மேலும் கீழும் உருளுவதோடு வழுக்கவும் செய்கின்றன. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பிட்டிங்கையும் ஸ்கஃபிங்கையும் குழப்பிக்கொள்ள மாட்டோம்.

பிட்டிங் என்பது களைப்பால் வரும் சேதம். அழுத்தம் லட்சக்கணக்கான தடவை வந்து போனபின் மேல்பரப்பிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ விரிசல் விட்டு, துணுக்குகள் பெயர்ந்து குழி விழுகிறது. பெரும்பாலும் பிட்ச் லைனை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் இது தொடங்கும். புதுக் கியரில் நாலைந்து சின்னக் குழிகளைப் பார்த்ததும் கியரையே மாற்றச் சொல்வது ஒரு தவறு. அதிகம் கடினப்படுத்தாத கியரில் மேடுகள் தேய்ந்து தொடர்பு சமமானதும் குழி அதோடு நின்றுவிடலாம். மேல்பரப்பைக் கடினப்படுத்திய கியரில் அந்த நம்பிக்கை வேண்டாம், அதில் குழி பொதுவாக வளரவே செய்யும். அதே பல்லை, அதே கோணத்தில், சில வார இடைவெளியில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். குழி பெருகினால் லோடு, பற்கள் ஒன்றையொன்று தொடும் விதம், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். கெட்டியான ஆயில் கொஞ்சம் உதவும், ஆனால் தாங்க முடியாத லோடை அது ஈடுகட்டாது.

ஸ்கஃபிங் வேறு கதை. ஆயில் படலம் அறுந்து இரும்பும் இரும்பும் ஒட்டி, உடனே பிய்ந்து வருகிறது. நுனிக்கும் அடிக்கும் இடையிலான திசையில் சொரசொரப்பான கீறல்கள் விழும். வழுக்கல் அதிகமான நுனிப் பக்கமும் அடிப் பக்கமும் கெட்டிருக்கும், பிட்ச் லைன் மட்டும் தப்பியிருக்கும். இதற்கு மாதக்கணக்கு தேவையில்லை. புதுக் கியரை முதல் நாளே முழு லோடில் ஓட்டினால் சில நிமிடங்களில்கூட வரலாம். ஆயிலின் தரம், சூடு, அதிக அழுத்தத்தில் பல்லைக் காக்கும் ஈபி சேர்க்கை ஆகியவற்றைத் தேட வேண்டிய இடம் இதுதான். விஜி 220 என்ற ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 220 சென்டிஸ்டோக் என்றால், 100 டிகிரியில் சாதாரண மினரல் ஆயிலில் 19 அளவுக்கு இறங்கிவிடும். அதனால் டப்பாவில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, ஓடும்போது ஆயில் எவ்வளவு சூடாகிறது என்றும் பாருங்கள். வெண்கலச் சக்கரம் உள்ள வோர்ம் கியரில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஈபி ஆயில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கக்கூடும்.

அடுத்தது உடைப்பு. இங்கே நடக்கும் பெரிய தவறு, உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடுவது. ஒரே தடவை வந்த அதிக லோடில் உடைந்த பல்லின் முகம் முழுக்கக் கரடுமுரடாக இருக்கும். நாளாவட்டத்தில் களைத்து உடைந்ததில் ஒரு பகுதி வழவழப்பாகவும், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் போன்ற வளைகோடுகளோடும் இருக்கும். அந்தக் கோடுகள் எந்த மூலையைச் சுற்றி வளைகின்றனவோ அங்கேதான் விரிசல் தொடங்கியது. நாலு பல் போயிருந்தால் நாலையும் பாருங்கள். வரிகள் உள்ள பல்தான் அநேகமாக முதலில் போனது, மற்றவை அதன் சுமை ஏறியதால் உடைந்தவை.

ஒரு கன்வேயர் கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். மோட்டார் 1450 ஆர்பிஎம், நாள் முழுக்க ஓட்டம். அதாவது மோட்டாரோடு சுற்றும் சின்னக் கியரான பினியனின் ஒவ்வொரு பல்லும் ஒரு நாளில் சுமார் 20 லட்சம் தடவை சுமை வாங்குகிறது. இந்தப் பினியனில் ஒரு பல்லின் ஒரு முனை மட்டும் மூலையாக உடைந்திருக்கிறது. முகத்தில் வளைகோடுகள் இருக்கின்றன, அவை அந்த முனையின் அடியில்தான் தொடங்குகின்றன. மற்ற பற்களிலும் அதே முனையில் மட்டும் குழிகள். ஓவர்லோடு என்று முடிவுகட்டி பெரிய கியர்பாக்ஸ் வாங்கினால் அதே பேஸில் அதுவும் இதே மாதிரி உடையலாம். சுமை பல்லின் முழு அகலத்திலும் பரவாமல் ஒரு முனையிலேயே விழுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

பல்லில் ப்ரூசியன் ப்ளூ என்ற நீல மையைப் பூசிச் சுற்றிப் பார்த்தால் நீல அடையாளம் அந்த முனையில் மட்டும் விழும். பேரிங்கில் தளர்வு இல்லையென்றால் அடுத்து பேஸைப் பாருங்கள். கியர்பாக்ஸ் காலில் டயல் கேஜ் வைத்து, போல்ட்டுகளில் ஒவ்வொன்றாக ஒன்றை மட்டும் தளர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். ஒரு கால் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால், போல்ட்டை இறுக்கும்போதெல்லாம் கியர்பாக்ஸ் உடலே முறுக்கிக்கொள்கிறது என்று சந்தேகிக்கலாம். எழும்பும் காலடியில் சரியான கனத்தில் ஷிம் தகடு வைத்து, இறுக்கி, மறுபடி நீலம் பூசிப் பாருங்கள். அடையாளம் அகலமாகப் பரவிய பிறகு புதுப் பினியனைப் போடலாம்.