குளிர் அறைச் சுவரின் காப்புத் தடிமன்: கணக்கில் புகும் தவறுகள்

குளிர் அறையின் சுவர் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு கொடுத்து, அதற்கேற்ற காப்புத் தடிமனைக் கண்டுபிடி என்று கேட்டால், சூத்திரம் ஒரே வரியில் முடிந்துவிடும். ஒரு சதுர மீட்டர் வழியே நுழையும் வெப்பம் q, இரு பக்க வெப்பநிலை வேறுபாடு ΔT, சுவரின் மொத்த வெப்பத் தடை R:

```
q = ΔT / R
R = 1/h(வெளி) + d/k + 1/h(உள்)
```

இதில் d என்பது காப்பின் தடிமன், k அதன் வெப்பக் கடத்துதிறன், h என்பது சுவர்ப் பரப்புக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றக் கெழு. சூத்திரத்தில் யாரும் அதிகம் தவறுவதில்லை. அதில் இடும் எண்களில்தான் தவறு நேர்கிறது. அந்தத் தவறுகளை ஒரே அறையை வைத்துப் பார்க்கலாம். உள்ளே −20 °C, வெளியே 35 °C, அனுமதிக்கப்பட்ட வெப்ப நுழைவு சதுர மீட்டருக்கு 8 வாட். வெளி அளவு 8 மீ × 6 மீ, உயரம் 3.5 மீ. சுவர் இரும்புத் தகடு பொதிந்த பாலியூரித்தேன் பேனல்.

புதிய பேனலின் k மதிப்பை நம்புவது

ΔT 55 டிகிரி; எனவே தேவையான மொத்தத் தடை 55 / 8 = 6.875. வெளிப்பரப்புக்கு h = 8, உள்பரப்புக்கு விசிறிக் காற்று இருப்பதால் h = 10 எனக் கொண்டால், இரண்டு காற்றுப் படலங்களும் சேர்ந்து ஏறத்தாழ 0.2 தடை தருகின்றன. மீதமுள்ள 6.675 காப்பிலிருந்து வர வேண்டும். விற்பனைத் தாளில் k = 0.022 என்று இருந்தால் தடிமன் 147 மி.மீ. ஆகிறது, 150 மி.மீ. பேனலை வாங்கிவிட்டு வரம்புக்குள் வந்துவிட்டோம் என்று மகிழலாம்.

ஆனால் 0.022 என்பது நுரை புதிதாக இருக்கும்போது உள்ள மதிப்பு. நுரையின் நுண்ணறைகளுக்குள் அடைபட்டிருக்கும் வாயு, காற்றைவிடக் குறைவாக வெப்பத்தைக் கடத்துவதால்தான் அந்த எண் அவ்வளவு சிறியதாக இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வாயு மெல்ல வெளியேற, காற்று உள்ளே நுழைந்து, k கூடுகிறது. தகடு பொதிந்த பேனலில் இந்த மாற்றம் ஓரங்கள் வழியாக மட்டுமே நடப்பதால் மெதுவாகவும், மேலுறை இல்லாத பலகையில் முழுப் பரப்பு வழியாகவும் நடப்பதால் வேகமாகவும் இருக்கும். கணக்கில் 0.025 எடுத்தால் அதே 150 மி.மீ. பேனலின் தடை 6.0 + 0.2 = 6.2 ஆகி, வெப்ப நுழைவு 8.87 வாட்டாக உயர்ந்து வரம்பை மீறுகிறது. தேவையான தடிமன் 167 மி.மீ.; ஆகவே அதற்கு அடுத்து மேலே உள்ள அளவைத் தேட வேண்டும். 175 மி.மீ. கிடைத்தால் 7.64 வாட், 200 மி.மீ. என்றால் 6.71 வாட். "167-க்கு 150 அருகில்தானே" என்று கீழ்நோக்கி வெட்டுவது இங்கே தனித் தவறாகவே எண்ணத்தக்கது.

பழைய செங்கல் சுவருக்கு உட்புறம் பேனல் வைக்கும்போது, சுவரே பாதி வேலையைச் செய்துவிடும் என்று தடிமனைக் குறைப்பவர்களும் உண்டு. 230 மி.மீ. செங்கல்லுக்கு k = 0.8 எனக் கொண்டால் அதன் தடை 0.29 மட்டுமே, இது 7 மி.மீ. பாலியூரித்தேனுக்குச் சமம்.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ΔT

வெளிக்காற்று 35 °C என்பதை ஆறு முகங்களுக்கும் பொருத்துவது பரவலான பழக்கம். தகரக் கூரைக்குக் கீழே, குளிர் அறையின் மேற்கூரைப் பேனலுக்கு மேலே உள்ள மூடிய இடைவெளி, வெயில் நேரத்தில் 50 °C வரை ஏறினால் ΔT 70 ஆகிறது. அப்போது சுவருக்கு ஒதுக்கிய 175 மி.மீ. பேனலைக் கூரைக்கும் போட்டால் வெப்ப நுழைவு 70 / 7.2 = 9.72 வாட், 200 மி.மீ. போட்டாலும் 8.54 வாட், வரம்புக்குள் வரவில்லை. இங்கே தடிமனை மேலும் கூட்டுவதைவிட, அந்த இடைவெளிக்குக் காற்றோட்டம் கொடுத்து வெப்பநிலையை 45 °C-க்கு இறக்குவது மலிவான வழி: 65 / 8.2 = 7.93 வாட். ஆனால் காற்றோட்டத்தை நம்பி வரம்பை எட்டினால், அந்தத் துவாரங்களை யாரும் பின்னாளில் அடைக்காமல் பார்த்துக்கொள்வதும் வடிவமைப்பின் பகுதியாகிவிடுகிறது.

பக்கத்தில் 2 °C குளிர் அறை இருந்தால், இடைச்சுவருக்கு ΔT 22 மட்டுமே என்று மெல்லிய பேனல் வைக்கத் தோன்றும். பக்கத்து அறை பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டு வெளிக்காற்று வெப்பநிலைக்கு வந்துவிட்டால், அந்தச் சுவர் 55 டிகிரியைச் சந்திக்க நேரிடும். அவ்வாறு நிறுத்தப்படுவது அடிக்கடி நிகழும் என்றால், இடைச்சுவரையும் வெளிச்சுவராகவே கருத வேண்டும்.

தரை முற்றிலும் வேறு கதை. அதன் அடியில் மண் உறையாமல் இருக்க வெப்பக் கம்பியோ காற்றுக் குழாயோ வைத்து, அடித்தளத்தை 10 °C-யில் வைத்திருப்பதாகக் கொண்டால், ΔT 30. 150 மி.மீ. எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன், k = 0.034 என்றால் ஏறத்தாழ 6.65 வாட். காப்பைத் தடிமனாக்கினால் வெப்பமூட்டல் தேவையில்லை என்று நினைப்பது ஆபத்தானது: காப்பு உறைதலைத் தாமதப்படுத்தும், தடுக்காது, ஈரமான மண் உறைந்து வீங்கினால் தரையே மேலெழும்பிவிடும்.

போல்ட்டையும் மூட்டையும் விட்டுவிடுவது

175 மி.மீ. பேனல் தேர்ந்தெடுத்தபின் வரம்புக்கும் நமக்கும் இடையே மீதமிருப்பது சதுர மீட்டருக்கு 0.36 வாட் மட்டுமே. இப்போது பேனலைத் தாங்க 10 மி.மீ. விட்டமுள்ள சாதாரண எஃகு போல்ட் ஒன்றைச் சுவர் முழுவதும் ஊடுருவிச் செலுத்துவோம். எஃகின் k ஏறத்தாழ 50. இது காப்பைவிட 2000 மடங்கு. போல்ட்டின் இரு முனைகளும் அந்தந்தப் பக்கத்துக் காற்றின் வெப்பநிலையிலேயே இருப்பதாகக் கொண்டால், அதன் வழியே உள்ளே வருவது 1.23 வாட். இது மேல்வரம்புதான் என்றாலும், மூன்றரைச் சதுர மீட்டருக்கு ஒரு போல்ட் வீதம் இருந்தாலே நம் மீதி முழுவதும் தீர்ந்துபோகும். துருப்பிடிக்காத எஃகில் இந்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வெப்பத்தைக் கடத்தாத பிளாஸ்டிக் போல்ட்டுகளில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

போல்ட்டைவிட மோசமானது, சுவரும் தரையும் சந்திக்கும் இடத்தில் பேனலின் வெளித்தகடு வெட்டப்படாமல் உள்ளே வரை ஓடுவது. தகடு மிக மெல்லியது என்பதால் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் அது சுற்றுச்சுவரின் நீளம் முழுவதும் இருப்பதால் தொடர்ச்சியான வெப்பப் பாலமாகிறது. அதன் அடையாளம், சுவரின் வெளிப்புற அடியில் கோடுபோல் தொடர்ந்து வியர்ப்பது. அந்தக் கோட்டைக் கண்டால் பேனலின் தடிமனைக் குறை சொல்வதில் பயனில்லை. தகட்டை வெட்டி இடையில் காப்பு வைக்க வேண்டும்.

நீராவித் தடுப்பைத் தவறான பக்கத்தில் வைப்பது

35 °C, 70 சதவீத ஈரப்பதமுள்ள வெளிக்காற்றில் நீராவியின் அழுத்தம் 3.9 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். −20 °C-யில் அது 0.1 கிலோபாஸ்கலைத் தாண்டுவது அரிது. ஆகவே நீராவி எப்போதும் வெளியிலிருந்து உள்ளே தள்ளப்படுகிறது, வழியில் காப்புக்குள் குளிர்ந்து நீராகி, மேலும் உள்ளே பனிக்கட்டியாகிறது. நீரின் k 0.6, பனிக்கட்டியின் k 2.2 என்பதை 0.025-உடன் ஒப்பிட்டால், நனைந்த நுரை என்னவாகும் என்பது விளங்கும். எனவே நீராவித் தடுப்பு வெப்பமான பக்கத்தில், மூட்டு முறியாமல், தொடர்ச்சியாக இருக்க வேண்டும். உட்புறத்தில் மட்டும் வைத்தால், உள்ளே வந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் காப்புக்குள்ளேயே தங்கிவிடும். தகட்டுப் பேனலில் வெளித்தகடே தடுப்பு என்பதால், பெரும்பாலும் பிழை மூட்டுகளிலும் குழாய், கேபிள் துளைகளிலும்தான் இருக்கும். உள்பக்கம் மூட்டோரமாகப் பனி படிவதும், பேனல் வீங்குவதும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

வாட்டைக் கம்ப்ரசர் திறனாகக் கொள்வது

சுவர்களின் பரப்பு 98 சதுர மீட்டர், 7.64 வாட் வீதம் 749 வாட். கூரை 48 × 7.93 = 381 வாட், தரை 48 × 6.65 = 319 வாட். மொத்தம் 1.45 கிலோவாட். பரப்பை வெளி அளவில் எடுத்தது வேண்டுமென்றேதான். இவ்வளவு தடிமனான காப்பில் உள் அளவை எடுத்தால் சிறிய அறைகளில் சுமை கணிசமாகக் குறைந்து தெரியும்.

இந்த 1.45 கிலோவாட் 24 மணி நேரமும் வருகிறது. இயந்திரமோ பனி நீக்கத்துக்கும் ஓய்வுக்கும் நின்று, நாளுக்கு 18 மணி நேரமே ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுவர்ச் சுமைக்கு மட்டும் 1.45 × 24 / 18 = 1.93 கிலோவாட் திறன் ஒதுக்க வேண்டும். இத்துடன் சரக்கு, கதவு வழிக் காற்று, விளக்கு, விசிறி, ஆட்கள் என்பவற்றின் சுமைகளும் சேரும். சுவரை 175-லிருந்து 200 மி.மீ. ஆக்கினால் மிச்சமாவது ஏறத்தாழ 91 வாட். அடிக்கடி திறக்கும் கதவு உள்ளே விடும் சுமை இதைப் பலமுறை விழுங்கிவிடும். ஆகவே வரம்பை எட்டியபின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போவதைவிடக் கதவைக் கவனிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

வரம்பு சொல்பவரிடம் ஒரு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: 8 வாட் என்பது ஒவ்வொரு முகத்துக்குமா, அறை முழுவதின் சராசரியா? நம் அறையின் சராசரி 1449 / 194 = 7.5 வாட். 175 மி.மீ. கூரையுடன் காற்றோட்டமில்லாமல் விட்டிருந்தாலும் சராசரி 7.91 வாட்டாகித் தப்பித்திருக்கும். கூரை மட்டும் வரம்பை மீறியிருக்கும்.

கட்டி முடித்தபின் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. வெளிச்சுவரின் பரப்பு, காற்றைவிட q / h டிகிரி குளிர்ந்திருக்கும், 7.64 / 8 என்றால் ஏறத்தாழ 1 டிகிரி. நிழலில், காற்றடிக்காத நேரத்தில், 3 டிகிரி வேறுபாடு தெரிந்தால் அந்த இடத்தில் வெப்ப நுழைவு 24 வாட்டை ஒட்டியிருக்கிறது என்று பொருள். அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பதானால் பளபளக்கும் தகட்டை நேராகக் குறிவைக்காமல், ஒரு துண்டு மின்காப்பு டேப்பை ஒட்டி, அது சுவரின் வெப்பநிலைக்கு வந்தபின் அதன்மேல் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி காட்டுவது எதிரில் நிற்பவரின் பிரதிபலிப்பாக இருக்கலாம்.